விலை ஏறினாலும் இறங்கினாலும் அதே 1,500 டொலர்

கேஷ் அண்ட் கேரி என்றால் எங்களுக்குப் பலசரக்குக் கடைதான் நினைவுக்கு வரும். கிரிப்டோ சந்தையில் அது வேறு வியாபாரம்.

பிட்கொயின் இன்று 60,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் முடியும் எதிர்கால ஒப்பந்தம் 61,500க்குப் போகிறது. முழுப் பணம் கட்டாமல் விலையேற்றத்தில் பங்குகொள்ள விரும்புவோர் தரும் மேலதிக விலைதான் இந்த 1,500.

வியாபாரி ஒரு பிட்கொயினை வாங்கி வைத்துக்கொண்டு, அதே அளவுக்கு ஒப்பந்தத்தை விற்கிறார். முடிவு நாளில் இரு விலைகளும் ஒன்றாகிவிடும். அன்று 80,000 என்றால் கையிருப்பில் 20,000 இலாபம், ஒப்பந்தத்தில் 18,500 நட்டம். 40,000 என்றால் கையிருப்பில் 20,000 நட்டம், ஒப்பந்தத்தில் 21,500 இலாபம். எப்படியும் மிஞ்சுவது 1,500. அதிலும் கட்டணங்கள் கழியும். ஆண்டுக்குக் கணக்கிட்டால் சுமார் 10 வீதம். இதே வழியில் மாதம் 10 வீதம் தருவதாக எவராவது வந்தால், அது எந்த இடைவெளியிலிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

ஆபத்து இடைநாட்களில்தான். விலை திடீரென ஏறினால், ஒப்பந்தத்தின் நட்டத்துக்குச் சந்தை உடனே காசு கேட்கும். கையிருப்பின் இலாபமோ விற்கும்வரை காசாகாது. கட்ட முடியாவிட்டால் ஒப்பந்தத்தை அவர்களே மூடிவிடுவார்கள். பிறகு விலை விழுந்தால் அந்த நட்டத்தை ஈடுசெய்ய எதுவும் இருக்காது. அதனால் தெரிந்தவர்கள் கணிசமான காசை ஒதுக்கி வைப்பார்கள். அதையும் முதலில் சேர்த்தால் அந்த 10 வீதம் நன்றாகவே குறையும்.