அனுமதி இருந்தும் கைது

2019 செப்டம்பர் 11, நள்ளிரவு கடந்த நேரம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஏடெல் என்ற சிற்றூரின் நீதிமன்றத்தில் அலாரம் அலறியது. ஓடிவந்த காவலர்களிடம் சிக்கிய இருவரும் திருடர்கள் அல்ல. கோல்ஃபயர் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர்கள். எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறது என்று புகுந்து பார்த்துச் சொல்ல அவர்களை அமர்த்தியதே மாநில நீதித்துறைதான்.

அனுமதிக் கடிதத்தைக் காட்டினார்கள். அதிலிருந்த எண்ணை அழைத்துக் காவலர்கள் உறுதியும் செய்துகொண்டார்கள். பிறகு வந்த ஷெரிஃப் ஏற்கவில்லை. கட்டடம் கவுன்ட்டிக்குச் சொந்தம், அதற்குள் நுழைய மாநிலம் எப்படி அனுமதி தரலாம் என்றார். இருவர் மீதும் திருட்டு நோக்கத்தோடு புகுந்ததாக வழக்குப் பதிவானது; அது கைவிடப்பட 2020 ஜனவரி ஆயிற்று.

அவர்களைக் காத்திருக்க வேண்டியது சோதனை விதிமுறை ஆவணம். ஆனால் அதுவே தெளிவாக இல்லை. ஓரிடத்தில் காலை 6 முதல் மாலை 6 வரை என்றும், இன்னோரிடத்தில் பகலிலும் மாலையிலும் செய்யலாம் என்றும் இருந்தது. நள்ளிரவு இதில் சேருமா? ஆளுக்கொரு பொருள் கொண்டார்கள்.

அலுவலகத்துக்குள்ளேயே அமர்ந்து, ஊழியர் ஒருவரின் கணினியிலிருந்து தொடங்கும் உள்சோதனைக்கும் இதே சிக்கல் உண்டு. அங்கே எல்லை என்பது எண்களாக எழுதப்படும்: 10.20.4.0/24 வரிசையைத் தொடலாம், சம்பள சர்வரைத் தொடக்கூடாது என்பது போல. அந்த சர்வர் வேறொரு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்ததா என்று கேட்கத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எப்போது நிறுத்துவது என்பதுதான் எனக்கு இவற்றில் முக்கியமாகப் படுகிறது. ஒரு நிறுவனத்தில் அரை மணி நேரத்துக்குள் ஐந்து முறை பாஸ்வேர்டு தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். சோதனையாளர் எளிதில் ஊகிக்கக்கூடிய ஒரு பாஸ்வேர்டை எல்லாக் கணக்குகளிலும் போட்டுப் பார்ப்பார். அதே அரை மணியில் ஊழியரே இரண்டு முறை தவறாகத் தட்டியிருந்தால் அதுவும் கணக்கில் சேரும். நான்கு முறை முயன்றால் அவருடைய கணக்கு பூட்டிக்கொள்ளும். இப்படி நூறு பேருடைய கணக்கு பூட்டினால் காலையில் அலுவலகமே ஸ்தம்பிக்கும். ஆகவே ஆவணத்தில் இப்படி எழுத வேண்டும்: அரை மணிக்கு ஒரு முயற்சி மட்டும், சோதனையால் ஒரு கணக்கு பூட்டினாலும் உடனே நிறுத்த வேண்டும்.

உண்மையான திருடன் ஏற்கெனவே உள்ளே வந்துபோன தடயம் கண்ணில் பட்டாலும் அப்படித்தான். கையை எடுத்துவிட்டு போன் செய்ய வேண்டும். தொடர்ந்து தோண்டினால் தடயம் கலைந்துவிடும். மீண்டும் தொடங்கலாம் என்று சொல்ல யாருக்கு அதிகாரம் என்பதையும் பெயரோடு எழுத வேண்டும்.

கையெழுத்திடும் முன் இரண்டு வேலைகளைச் செய்துவிடுங்கள். கட்டடத்துக்கும் சர்வருக்கும் உரியவர் ஒப்புதல் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அவசர எண்ணை ஒருநாள் நள்ளிரவில் அழைத்து, யாராவது எடுக்கிறார்களா என்றும் பாருங்கள்.