தாள் மேய்ச்சலும் ஈரல் தட்டைப்புழுவும்

சம்பா அறுவடை முடிந்த வயலில் ஆடு மேய்வது காவிரிப் படுகையில் புதிதல்ல. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் மந்தையை ஓட்டிவந்து, பகலில் தாளில் மேய்த்து, இரவில் வயலிலேயே கிடை போடுவார்கள். வயலுக்கு எரு கிடைக்கிறது, ஆட்டுக்குத் தீனி கிடைக்கிறது. அதே மந்தையில் மார்ச் கடைசியில் திடீரெனச் சில ஆடுகள் செத்துவிழும். முந்தின நாள் வரை மேய்ந்த ஆடுகள் அவை, உடம்பும் இளைத்திருக்காது. பூச்சி மருந்து கொடுத்துத்தான் இருந்தோமே என்று கீதாரி சொல்வார். கொடுத்திருப்பார், அதில் பொய்யில்லை. ஆனால் ஆட்டைக் கொன்ற புழுவின் வயதுக்கும் அந்த மருந்துக்கும் பொருந்தவில்லை.

அந்தப் புழு ஈரல் தட்டைப்புழு. நம் ஊரில் பரவலாக இருப்பது அதன் பெரிய வகை. விரல் நீளத்துக்கு வளர்ந்து, வேப்பிலை போலத் தட்டையாக இருக்கும். ஆட்டையும் மாட்டையும் வெட்டுகிறவர்கள் ஈரலின் பித்தக் குழாயை அறுக்கும்போது இதைப் பார்த்திருப்பார்கள். நாள்பட்ட மாட்டு ஈரலில் அந்தக் குழாய்ச் சுவர் சுண்ணாம்பேறித் தடித்திருக்கும், கத்தி பட்டால் நறநறவென்று சத்தம் வரும்.

புழு நேராக ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போவதில்லை. நடுவில் நத்தை வேண்டும், அதுவும் எல்லா நத்தையும் உதவாது. வயலில் நாம் காணும் பெரிய ஆப்பிள் நத்தைக்கு இதில் பங்கில்லை. சுருட்டிவைத்த கயிறு போலத் தட்டையாக இருக்கும் நத்தை ரூமன் தட்டைப்புழு என்ற வேறொரு புழுவைச் சுமக்கிறது. நாம் தேட வேண்டியது லிம்னியா என்ற சின்ன நத்தையை. ஓடு மெல்லியது, வெளிர் பழுப்பு, வெளிச்சம் ஊடுருவும். வாயை மூடும் தகடு கிடையாது. கூர்நுனி மேலே இருக்கும்படியும் திறப்பு நம்மைப் பார்க்கும்படியும் பிடித்தால், திறப்பு வலப்பக்கம் அமையும்.

இது வாழ்வது ஓட்டம் குறைந்த தண்ணீரில். கிளை வாய்க்காலின் புல் அடர்ந்த கரை, மதகடியில் தேங்கிய இடம், குளத்தில் தாமரை இலையின் அடிப்பக்கம், வயலில் தண்ணீர் கட்டிய மூலை ஆகிய இடங்களில் பாசியைத் தின்று பெருகும். வேகமாக ஓடும் பெரிய ஆற்றில் அதிகம் இருக்காது. தண்ணீருக்குள் கிடக்கும் இலையைத் திருப்பிப் பார்த்தால், கண்ணாடி போன்ற பசைக்குள் வரிசையாக அதன் முட்டைகளையும் காணலாம்.

சாணத்தோடு தண்ணீரில் விழும் புழு முட்டை நம் வெயிலில் இரண்டு மூன்று வாரத்தில் பொரிக்கும். வெளிவரும் குஞ்சு ஒரு நாளைக்குள் நத்தையைக் கண்டுபிடித்தாக வேண்டும், இல்லையேல் செத்துவிடும். கண்டுபிடித்துவிட்டால் நத்தைக்குள் ஏறக்குறைய இரண்டு மாதம் தங்கி ஒன்று நூற்றுக்கணக்காகப் பெருகுகிறது. அவை நீந்தி வெளியே வந்து, தண்ணீர் மட்டத்தை ஒட்டிய நெல் தண்டிலும் புல்லிலும் கண்ணுக்குத் தெரியாத உறைக்குள் ஒட்டிக்கொள்கின்றன. அறுவடையில் கதிரும் மேல்தண்டும் போய்விடும், உறைகள் ஒட்டிய அடித்தாள் ஆட்டுக்காக நிற்கும்.

பிப்ரவரி முதல் வாரம் வயலில் இறங்கிய ஒரு மந்தையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தின்ற உறை குடலில் உடைந்து, குட்டிப்புழு குடல் சுவரைத் துளைத்து ஈரலுக்குப் போகிறது. பிறகு பல வாரங்களுக்கு ஈரல் சதையைக் குடைந்துகொண்டே திரியும். நிறைய உறைகளை ஒரே சமயத்தில் தின்ற ஆட்டுக்கு ஈரல் சல்லடையாகி, வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து, மார்ச் கடைசியில் சாவு வரும். அந்த நேரத்தில் புழுக்கையைப் பரிசோதித்தால் ஒரு முட்டையும் தெரியாது, ஏனென்றால் முட்டையிடும் வயது புழுவுக்கு வரவே இல்லை. ஈரலுக்குள் போனதிலிருந்து முட்டை வெளிவர மூன்று மாதத்துக்கும் மேல் ஆகும். எனவே புழுக்கையில் முட்டை இல்லை என்ற முடிவை மார்ச்சில் நம்பக்கூடாது. செத்த ஆட்டை மருத்துவரைக் கொண்டு அறுத்துப் பார்ப்பதே சரியான சோதனை. ஈரலில் ரத்தம் தோய்ந்த தடங்களும், பிழிந்தால் சின்னஞ்சிறு புழுக்களும் தெரியும்.

மருந்து ஏன் தவறியது என்பதும் இங்கே விளங்கும். சந்தையில் பொதுவாகப் பூச்சி மருந்து என்று வாங்கும் ஐவர்மெக்டின் ஈரல் புழுவை ஒன்றும் செய்யாது. வழக்கமான அளவில் கொடுக்கும் ஃபென்பெண்டசோலும் அப்படியே. ஆல்பெண்டசோல் கூடுதல் அளவில் முதிர்ந்த புழுவை மட்டும் ஓரளவு கொல்லும். ஆக்சிகுளோசனைடு ஈரல் புழுவுக்கென்றே உள்ள நல்ல மருந்து, ஆனால் அதுவும் பித்தக் குழாயை அடைந்த முதிர்ந்த புழுவுக்குத்தான். ஈரல் சதைக்குள் குடையும் இளம் புழுவை எட்டுவது டிரைகிளாபெண்டசோல். ஆட்டுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம், அதாவது 25 கிலோ ஆட்டுக்கு 250 மில்லிகிராம். மாட்டுக்குக் கிலோவுக்கு 12 மில்லிகிராம். பால் கறக்கும் மாட்டுக்கு இது ஆகாது. மார்ச்சில் சாவு தொடங்கினால் மந்தை முழுவதற்கும் இதுதான் வேண்டும், அதோடு அந்த வயலை விட்டு நகரவும் வேண்டும்.

குளோசான்டெல் என்ற மருந்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அளவு மீறினால் ஆட்டின் பார்வை நரம்பு கெட்டுக் கண் போய்விடும், திரும்ப வராது. குட்டிக்கும் கிடாவுக்கும் ஒரே அளவு ஊற்றும் பழக்கத்தால் இந்தக் கேடு நேர்கிறது. எந்த மருந்தானாலும் நாலைந்து ஆட்டையாவது தராசில் நிறுத்திவிட்டு அளவு பிடியுங்கள்.

மாட்டில் கதை மெதுவாக நடக்கும். திடீர்ச் சாவு அபூர்வம். பால் குறையும், ரோமம் சிலிர்த்து நிற்கும், கண்ணின் உள்ளிமை வெளுக்கும், பிறகு தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும். இந்தத் தாடை வீக்கத்தைச் சாயங்காலம் மேய்ச்சலிலிருந்து திரும்பும்போது பார்க்க வேண்டும். நாள் முழுக்கத் தலை குனிந்து மேய்ந்ததால் நீர் இறங்கியிருக்கும், விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக நிரம்பும். விடிகாலையில் வடிந்துபோய், ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் ரூமன் புழுவுக்கும், ஆட்டில் ரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழுவுக்கும் இதே வீக்கம் வரும். எது என்று சாணப் பரிசோதனைதான் சொல்லும். இந்த முட்டை கனமானது, மிதக்கவைத்துப் பார்க்கும் முறையில் தப்பிவிடும். சாணத்தைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, படியவிட்டு, மேல்நீரைக் கொட்டி, தெளியும்வரை திரும்பச் செய்து, அடியில் தங்கியதில் ஒரு சொட்டு நீலச்சாயம் விட்டுப் பார்ப்பார்கள். சக்கை நீலமாகும், ஈரல் புழு முட்டை மட்டும் பொன்மஞ்சளாக மின்னும். ரூமன் புழுவின் முட்டை நிறமற்றது.

பிப்ரவரியில் தொற்றிய புழு மே நடுவிலிருந்து முட்டையிடத் தொடங்கும். மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்கு வழக்கமாகத் தண்ணீர் திறப்பது ஜூன் 12. வாய்க்கால் நிரம்புமுன், ஜூன் முதல் வாரத்தில் மாடு ஆடு எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்துவிட்டால், அந்த முட்டைகள் நத்தையைச் சேராது. விட்டுவிட்டால் ஜூனில் விழுந்த முட்டை செப்டம்பரில் உறையாகி, சம்பாப் பயிரின் அடித்தண்டில் ஏறிவிடும். இந்த ஒரு மருந்தை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்துவேன். கறவை மாட்டுக்கு ஆக்சிகுளோசனைடு போதும், பால் விலக்கு நாள்களைப் பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் வாய்க்கால் ஓரத்தில் மேய்ந்த கால்நடைக்குள் இளம்புழு மிச்சமிருக்கும் என்பதால் செப்டம்பர் வாக்கில் ஒருமுறை சாணத்தைச் சோதிக்க வேண்டியிருக்கும்.

நத்தையை அழிக்க மயில்துத்தம் கொட்டுவது வேண்டாம், மீனும் சேர்ந்து சாகும். தண்ணீர் தேங்கும் மூலையை வடித்து, மாட்டுக்கு ஆழ்குழாய்த் தண்ணீரைத் தொட்டியில் காட்டுவது நிலைத்த பலன் தரும். வைக்கோலில் அடித்தாளை நீக்கி, நன்றாக வெயிலில் காய்த்துப் போட்டால் உறைகள் சாகும். ஈரமாக அடுக்கிய போரில் அவை வெகுநாள் உயிரோடு கிடக்கும்.

மருந்து கொடுத்த மறுவாரமே சாணத்தில் முட்டை தெரிந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பித்தப்பையில் தங்கிய பழைய முட்டைகள் இரண்டு மூன்று வாரம் வந்துகொண்டிருக்கும். நான்காவது வாரம் மறுபடி சோதியுங்கள். அப்போதும் பொன்மஞ்சள் முட்டை இருந்தால், எடைக்கேற்ற அளவு உள்ளே போயிற்றா என்பதை முதலில் பார்த்துவிட்டு, பிறகு மருந்தை மாற்றுவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.