54 வயதில் ஒரு முதலிரவு

மனைவியை இழந்து மூன்று ஆண்டுகள் கழித்து மறுமணம் செய்துகொண்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். கற்பனை மனிதர்தான். ஆனால் அவர் கதை பாலியல் மருத்துவர்களுக்கு நன்கு பழகியது. வயது 54. புற்றுநோயால் இறப்பதற்கு முன் முதல் மனைவி இரண்டு ஆண்டுகள் படுத்த படுக்கையாக இருந்தார். ஆக, இவருக்கு உடலுறவு நின்று ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. மகள் வற்புறுத்தி, விவாகரத்தான 47 வயதுப் பெண்ணை மணமுடித்து வைத்தாள்.

முதலிரவில் ஆசை இருந்தது, விறைப்பும் வந்தது. நெருங்கிய நேரத்தில் சட்டென்று தளர்ந்துவிட்டது. "அலைச்சல்" என்று சொல்லிச் சமாளித்தார். அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது முறைக்குப் பிறகு, அவள் தூங்கும்வரை டிவி முன்னால் உட்கார்ந்திருக்கத் தொடங்கினார்.

இதற்கு மருத்துவ உலகில் 'விடோயர்ஸ் சிண்ட்ரோம்' என்று ஒரு பெயரே உண்டு. பல ஆண்டு நோயாளி மனைவியைப் பார்த்துக்கொண்டவர்களிடம் இது அதிகம் தென்படும். அவர்களுடைய கைகள் மருந்து கொடுக்கவும் உடம்பு துடைக்கவும் பழகிப்போனவை. போதாக்குறைக்கு, அதே அறை, அதே கட்டில், சுவரில் மாலை போட்ட படம். துரோகம் செய்கிறோமோ என்ற உறுத்தல் அறிவுக்குப் புரிந்தாலும் உடம்புக்குப் புரிவதில்லை.

உள்ளே நடப்பது இதுதான். ஆணுறுப்புக்குள் இருக்கும் பஞ்சு போன்ற திசுவின் தசைகள் நெகிழ்ந்தால்தான் ரத்தம் உள்ளே நிரம்பும். நிரம்பிய ரத்தம் வெளியேறாமல் அடைபட்டால்தான் விறைப்பு நிற்கும். பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் பெருகும்; அது அதே தசைகளை இறுக்கிவிடும். வந்த ரத்தம் வடிந்துபோகும். இதில் மன உறுதிக்கு வேலையே இல்லை. 'இந்தத் தடவை விடக் கூடாது' என்று பல்லைக் கடிப்பதும் ஒரு பதற்றம்தான். அமெரிக்க ஆய்வாளர்கள் வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜினியா ஜான்சனும் 1970-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கியிருக்கிறார்கள்: அப்படிப்பட்ட ஆண் உறவில் ஈடுபடுவதில்லை, ஓரமாக நின்று தன்னையே வேடிக்கை பார்க்கிறான்.

மனமா, உடம்பா என்று பிரித்தறிய மருத்துவர் முதலில் கேட்பது, "காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா?" என்பதைத்தான். ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில் இரவுக்கு மூன்று முதல் ஐந்து முறை தானாகவே விறைப்பு வரும். அங்கே பயப்பட யாரும் விழித்திருப்பதில்லை. காலையில் உறுதியாக இருந்து, தனியாக இருக்கும்போதும் சரியாக இருந்து, துணையோடு மட்டும் தளர்ந்தால் ரத்தக்குழாயும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன என்று அர்த்தம். மாறாக, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, காலை விறைப்பும் மறைந்திருந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, இதயம் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். ஆணுறுப்பின் ரத்தக்குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்தின் குழாய்கள் அதைவிடப் பெரியவை. அடைப்பு சிறிய குழாயில் முதலில் தெரியும். இதய நோய்க்குச் சில ஆண்டுகள் முன்பே வரும் எச்சரிக்கையாகவும் இது அமையலாம்.

நம் மனிதருக்குக் காலை விறைப்பு இருந்தது, முன்னளவு உறுதியாக இல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எல்லைக்கோட்டைச் சற்றே தாண்டியிருந்தது. இந்த வயதில் பலருடைய நிலையும் இப்படித்தான்: உடம்பு கொஞ்சம், பயம் மீதி.

மருத்துவரிடம் வருவதற்கு முன்பே நண்பர் கொடுத்த மாத்திரை ஒன்றை அவர் முயன்று பார்த்திருந்தார். பிரியாணி சாப்பிட்டுவிட்டு சில்டெனாஃபில் 50 மில்லிகிராம் போட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பின் அந்த மாத்திரை வேலை செய்யத் தாமதமாகும். தவிர, அது ஆசையை உண்டாக்காது. கிளர்ச்சி இருந்தால் ரத்தம் தங்க உதவும், அவ்வளவுதான். 'மாத்திரைக்கே மசியவில்லை' என்று அவர் இன்னும் நொறுங்கிப்போனார். நல்லவேளை, அவருக்கு நெஞ்சுவலி கிடையாது. நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் இதைச் சேர்த்துப் போட்டால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கிவிடும். லாட்ஜ் அறையில் விற்கும் 'மூலிகை'ப் பொடிகளில் நான் அஞ்சுவதும் இதைத்தான். இத்தகைய பொடிகள் சிலவற்றில் இதே சில்டெனாஃபில் சொல்லாமல் கலந்திருப்பது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது.

விவாகரத்தான ஆணின் பயம் வேறு மாதிரி. இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, கணவனின் ஆண்மையின்மையால் உறவே நிகழாத திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம். கசந்துபோன வழக்குகளில் இந்தச் சொல் மனுவில் ஏறிவிடுகிறது. ஊர் முன்னால் ஒருமுறை அதைக் கேட்டவர், புதிய துணையின் ஒவ்வொரு மௌனத்திலும் அதையே கேட்பார். ஆனால் சட்டமே ஒரு நுணுக்கத்தை ஒப்புக்கொள்கிறது: ஒரு குறிப்பிட்ட துணையிடம் மட்டும் இயலாமல் போவதும் உண்டு. 2024-இல் பாம்பே உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு ஒரு இளம் தம்பதியின் திருமணத்தை ரத்து செய்தபோது இதைத்தான் சொன்னது.

நம் கதையில் மனைவி என்ன நினைத்தாள்? 'என்னைப் பிடிக்கவில்லை, அக்காவோடு ஒப்பிடுகிறார்' என்று. முதல் கணவன் அவள் எடையைக் கேலி செய்தவன். மாதவிடாய் நிற்கும் வயது என்பதால் வறட்சியும் வலியும் வேறு. வலியில் அவள் முகம் சுளித்ததை இவர் தன்மீதான தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். தீர்ப்புக்குப் பயந்தே இருவரும் ஒதுங்கிப் படுத்திருந்தார்கள்.

மருத்துவர் இருவரையும் உட்கார வைத்து, பேச்சைப் பகலில், படுக்கைக்கு வெளியே தொடங்கச் சொன்னார். அவர் ஒரு மதியம் காபி குடிக்கும்போது சொன்னார்: "அஞ்சு வருஷமா இதெல்லாம் இல்லைம்மா. ஆசை இல்லாம இல்ல, பயந்து போறேன்." அவள் கேட்டாள்: "அப்ப என்னால இல்லையா?"

பிறகு மாஸ்டர்ஸ், ஜான்சன் வகுத்த வழி. முதல் இரண்டு வாரம் உடலுறவுக்குத் தடை, விறைப்பு வந்தாலும்கூட. அரை மணி நேரம் மாறி மாறித் தொடலாம். மார்பும் பிறப்புறுப்பும் விலக்கு. அடுத்த கட்டத்தில் அவையும் சேரும், உறவு மட்டும் கிடையாது. இங்கே ஒரு முக்கியமான பயிற்சி உண்டு: விறைப்பு வந்ததும் வேண்டுமென்றே நிறுத்தி, தளர விட்டு, மீண்டும் தொடங்குவது. தளர்ந்தது திரும்பி வருவதை அவர் கண்ணால் பார்த்தால்தான் பயத்தின் பிடி தளரும். அதன் பிறகே, அவசரமில்லாத உறவு.

பலரும் சறுக்குவது முதல் வாரத்தில்தான். நன்றாக இருக்கிறதே என்று தடையை மீறுவார்கள், தளரும், பழைய இடத்துக்கே வருவார்கள். இவர்களும் ஒருமுறை மீறினார்கள். மருத்துவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வைத்தார். சர்க்கரைக்கு நடைப்பயிற்சியும் மருந்தும். அவளுக்கு வறட்சியைப் போக்கும் ஜெல். படம் ஹாலுக்குப் போனது; யோசனை மகளுடையது. சில்டெனாஃபிலை, இம்முறை வெறும் வயிற்றில், சில வாரங்களுக்கு ஊன்றுகோலாக மட்டும் பயன்படுத்தினார். மூன்றாம் மாதம் பெரும்பாலான இரவுகளில் அது தேவைப்படவில்லை. தேவைப்படும் இரவுகளில், "இன்னைக்கு ஒண்ணு போட்டுக்கட்டுமா?" என்று அவளிடமே கேட்கிறார்.