பெட்டிக்குள் எட்டும் அதிகபட்ச நீளம்

தகரப் பெட்டி ஒன்று. உள் அளவு 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம். 69 செ.மீ. நீளமுள்ள மெல்லிய கம்பியை வளைக்காமல் இதற்குள் வைத்து மூட முடியுமா?

அடித்தட்டில் மூலைக்கு மூலை படுக்க வைத்தால் முடியாது. பைதாகரஸ் கணக்குப்படி 60-இன் வர்க்கம் 3600, 30-இன் வர்க்கம் 900. கூட்டினால் 4500; அதன் வர்க்கமூலம் 67.1. கம்பி ஏறக்குறைய 2 செ.மீ. துருத்திக்கொண்டு நிற்கும். ஆனால் ஒரு முனையைக் கீழ்மூலையிலேயே விட்டுவிட்டு, மறுமுனையை அதற்கு நேர் எதிரான மேல்மூலைக்குத் தூக்கினால் இன்னொரு செங்கோண முக்கோணம் கிடைக்கிறது. அடித்தட்டின் மூலைவிட்டம் ஒரு பக்கம், 20 செ.மீ. உயரம் மறுபக்கம். 4500-உடன் 400 சேர்த்தால் 4900, வர்க்கமூலம் 70. கம்பி தாராளமாக அடங்கிவிடும். இரண்டு படியையும் சேர்த்தால், மூன்று அளவுகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பதுதான் மொத்தக் கணக்கும்.

இந்த 70 செ.மீ. கோடு, பெட்டியின் நீள விளிம்போடு என்ன கோணத்தில் சாய்ந்திருக்கிறது? பலர் தடுக்கி விழுவது இங்கேதான். 30-ஐ 60-ஆல் வகுத்து, டேன்ஜென்ட் அட்டவணையைப் பார்த்து 26.6 பாகை என்பார்கள். அது அடித்தட்டில் படுத்திருக்கும் கோட்டின் கோணம். நம் கோடு தட்டைவிட்டு எழும்பிவிட்டதே! நீள விளிம்பு போய் முட்டும் பக்கச்சுவரைக் கவனியுங்கள். விளிம்பு அந்தச் சுவருக்குச் செங்குத்து. ஆகவே சுவரின்மேல் அந்த முனையிலிருந்து எந்தத் திசையில் கோடு இழுத்தாலும் அதற்கும் செங்குத்துதான். அந்த முனையிலிருந்து மேல்மூலைக்குச் சுவர்மேலேயே ஒரு கோடு இழுத்தால், 60 அடுத்துள்ள பக்கமாகவும் 70 கர்ணமாகவும் ஒரு முக்கோணம் அமைகிறது. கோணத்தின் கொசைன் 60/70; கோணம் 31 பாகை.

இதேபோல அகல விளிம்போடு 30/70, அதாவது 64.6 பாகை, உயர விளிம்போடு 20/70, அதாவது 73.4 பாகை. கூட்டிப் பார்த்தால் 169 பாகை வரும். கூட்டுத்தொகை 90 அல்லது 180 வரவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதைக் கண்டு குழம்புவதுண்டு. சரிபார்க்க வேண்டியது கோணங்களை அல்ல, கொசைன்களின் வர்க்கங்களை. 36/49, 9/49, 4/49. மூன்றும் சேர்ந்து சரியாக 1.

கனச்சதுரத்தில் மூன்று கோணங்களும் சமம் என்பதால், ஒவ்வொரு கொசைனின் வர்க்கமும் 1/3. கோணம் 54.7 பாகை, தாயக்கட்டை அளவானாலும் அறை அளவானாலும் இதுவே. திடப்பொருள்களை ஆராயும் என்.எம்.ஆர். கருவிகளில், காந்தப்புலத்துக்கு இதே 54.7 பாகைச் சாய்வில் வைத்துத்தான் மாதிரியை வேகமாகச் சுழற்றுகிறார்கள். ஆய்வாளர்கள் இதை மாயக்கோணம் என்கிறார்கள்.

கணக்கில் வரும் கோட்டுக்குத் தடிமன் கிடையாது. கையில் இருக்கும் தடிக்கு உண்டு. 2 செ.மீ. விட்டமுள்ள உருட்டுத்தடியின் தட்டை முனை, மூலையின் உச்சிக்குள் போகாது. சுற்றுவட்டம் முன்னதாகவே சுவர்களில் தட்டி நின்றுவிடும். இரு முனையிலும் இந்த இழப்பைக் கழித்தால் நம் பெட்டியில் 67.8 செ.மீ. தடிதான் கொள்ளும். 69 செ.மீ. கம்பிக்கு இடம் கொடுத்த பெட்டி, அதே நீளத் தடியை ஏற்காது.