சொல் மாறிய சாட்சியும் குறுக்கு விசாரணையும்



வழக்குமன்றத்தில் ஒருவர் காவலரிடம் ஒன்று சொல்லி, பின்னர்க் கூண்டில் ஏறி வேறொன்று சொல்வாரானால், உண்மையைக் கண்டறிவது எவ்வாறு? இன்று நான் விளக்க எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

வழக்கறிஞர் தாம் அழைத்த சாட்சியிடம், விடையை உள்ளடக்கிய வினாக்களைக் கேட்டல் ஆகாது என்பது பொதுவிதி. “அன்று நீங்கள் என்ன கண்டீர்கள்?” என்று கேட்கலாம்; “அவர் அடித்ததை நீங்கள் கண்டீர்கள் அல்லவா?” என்று கேட்டல் கூடாது. ஆயினும் அச்சாட்சி எதிர்த்தரப்பின் பக்கம் சாய்ந்துவிட்டால், நீதிபதியின் அனுமதி பெற்று, எதிரியின் சாட்சியைக் கேட்பதுபோலவே குறுக்கு விசாரணை செய்யலாம். இத்தகையவரைப் பிறழ்சாட்சி என்பர். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தில் 154-ஆம் பிரிவாக இருந்த இவ்விதி, 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 157-ஆம் பிரிவாக உள்ளது. காரைக்காலில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் சாட்சியை வினவும் பொறுப்புப் பெரும்பாலும் நீதிபதியையே சார்ந்திருந்தது. இந்தியச் சட்டங்கள் 1963-இல் இங்கும் நீட்டிக்கப்பட்ட பின்னரே, இரு தரப்பு வழக்கறிஞரும் சாட்சியை வினவும் இம்முறை நம் ஊர்களுக்கும் உரியதாயிற்று.

இவ்வனுமதியைக் கேளாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டு வழக்கொன்றே சான்று. முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவும் பிறரும் வருமானத்திற்கு மிஞ்சிய சொத்துச் சேர்த்தனர் என்ற வழக்கு சென்னையில் நடந்துவந்தது. முன்னரே சாட்சியம் அளித்திருந்தவர்களுள் 76 பேர் மறுபடியும் அழைக்கப்பட்டனர். அவர்களுள் 64 பேர், தாம் ஆணையிட்டுச் சொன்னதையே மாற்றிச் சொன்னார்கள். அரசு வழக்கறிஞரோ அவர்களைப் பிறழ்சாட்சிகளாகக் கொண்டு வினவ அனுமதி கோரவில்லை. அச்சத்தினால் மாறினரா, வேறு காரணத்தினாலா என்று துருவிக் கேட்கவுமில்லை. க. அன்பழகன் தொடுத்த மனுவின்மேல் உச்ச நீதிமன்றம் 2003 நவம்பர் 18 அன்று இதனைச் சுட்டிக்காட்டி, வழக்கைக் கர்நாடகத்திற்கு மாற்றியது. அறுபத்துநான்கு பேர் சொல் மாறினர் என்பதினும், அவர்களைக் கேட்கவேண்டியவர் கேளாதிருந்தார் என்பதே நீதியின் போக்கை ஐயத்திற்கு உள்ளாக்கிற்று.

அவ்வாறாயின், கேட்கவேண்டிய முறை யாது? எளிதில் விளங்கும்பொருட்டு, நம் குரும்பகரம் போன்ற ஓர் ஊரில் நடந்ததாக ஒரு கற்பனை வழக்கை அமைத்துக்கொள்வோம். வாய்க்கால் தண்ணீர்ச் சச்சரவில் ஒருவர் மாலை ஆறு மணியளவில் அரிவாளால் வெட்டுண்டார். அருகிலுள்ள நெல் அரைவை ஆலையின் எடை எழுத்தர், “வெட்டியவரை என் கண்ணால் கண்டேன்” என்று மறுநாள் காவலரிடம் கூறினார். நீதிமன்றத்திலோ, “அன்று நான் ஊரிலேயே இல்லை, காலையிலேயே நாகப்பட்டினம் போய்விட்டேன், இரவுதான் திரும்பினேன்” என்கிறார். ஆலையின் எடைப் பதிவேட்டில் அதே நாள் மாலை ஐந்தே முக்கால் மணிக்கு அவர் கையெழுத்தோடு ஒரு பதிவு இருக்கிறது.

அனுமதி பெற்ற வழக்கறிஞர் பதிவேட்டை உடனே நீட்டலாகாது. நீட்டினால், “வேறு எவரோ எழுதியிருப்பார்” என்று சாட்சி எளிதில் நழுவிவிடுவார். ஆகவே முதற்படியாக, அவர் இன்று சொல்வதை அவர் வாயாலேயே உறுதிசெய்ய வேண்டும். “காலையில் போனவர் இரவுவரை ஊருக்குத் திரும்பவில்லை, அப்படித்தானே?” “ஆம்.” இனி அவர் ‘இடையில் வந்துபோனேன்’ என்று சொல்ல இயலாது.

இரண்டாவதாக, தப்பிச் செல்லும் வழிகளை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். “எடைப் பதிவேட்டை எழுதுவது உங்கள் வேலைதானே?” “ஆம்.” “மூட்டையை நிறுத்தவுடன் எழுதுவீர்களா, மறுநாள் எழுதுவீர்களா?” “உடனே எழுதுவேன்.” “உங்கள் கையெழுத்தை வேறு யாரேனும் இடுவதுண்டா?” “இல்லை.” இவ்விடைகளைத் தருகையில், அவை எங்குச் சென்று முடியுமென்பது சாட்சிக்குத் தெரியாது. இதன் பின்னரே பதிவேட்டைக் காட்டி, “இக்கையெழுத்து யாருடையது?” என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, முன்னைய வாக்குமூலம். “காவலரிடம் வேறுவிதமாகச் சொன்னீர்கள் அல்லவா?” என்று பொதுப்படக் கேட்டல் போதாது. முரண்படும் அந்த வாக்கியத்தையே அவர் கவனத்திற்குக் கொண்டுவந்து, அதனைச் சொன்னாரா இல்லையா என்று கேட்க வேண்டும். பழைய சட்டத்தின் 145-ஆம் பிரிவும் புதிய சட்டத்தின் 148-ஆம் பிரிவும் இதனை வற்புறுத்துகின்றன. தாம் சொன்னதாகக் காட்டப்படும் சொல்லைக் கண்டு விளக்கம் தரச் சாட்சிக்கு வாய்ப்பளிப்பதே அதன் நோக்கம். சாட்சி மறுத்தால் அப்பகுதியைக் குறியிட்டு வைத்து, வாக்குமூலத்தை எழுதிய காவல் அதிகாரி கூண்டேறும்போது அவர்வழி மெய்ப்பிக்க வேண்டும். காவலர் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சி கையொப்பம் இடுவதில்லை. ஆகவே இவ்விறுதிப் படியை மறந்தால் முன்செய்த உழைப்பெல்லாம் விழலுக்கு இறைத்த நீராகும்.

நான்காவது, உரிய இடத்தில் நிறுத்துதல். “பின் ஏன் பொய் சொன்னீர்கள்?” என்று கேட்டுவிட்டால், “காவலர் மிரட்டியதால் அன்று அப்படிச் சொன்னேன்” என்று சொல்ல நாமே வழி திறந்துவிட்டவர் ஆவோம்.

எல்லா வேறுபாடும் முரண் ஆகாது. இரு கூற்றும் ஒருங்கே உண்மையாக இருக்கக்கூடுமா என்று கேட்டுப் பாருங்கள். “அவர் கையில் அரிவாள் இருந்தது” என்பதும், “அவர் நீலச் சட்டை அணிந்திருந்தார்” என்பதும் ஒருங்கே நிற்கும். “ஊரில் இருந்து கண்டேன்” என்பதும், “ஊரில் இல்லை” என்பதும் நில்லா. முன்பு சொல்லாமல் விட்டது எப்போது முரணாகும் என்ற நுண்ணிய வினாவை 1959-ஆம் ஆண்டுத் தசில்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கே. சுப்பாராவ், முன்னர்ச் சொன்னதோடு இப்போது சொல்வது சேர்ந்து நிற்க இயலாதபோதுதான் அவ்விடுபாடு முரணாகும் என்று வகுத்தார்.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுவே. காவலரிடம் சொன்ன வாக்குமூலம் சாட்சியின் இன்றைய சொல்லை நம்பத்தகாததாக ஆக்குமேயன்றி, குற்றத்தைத் தானே மெய்ப்பிக்காது. எழுத்தர் பொய்யர் என்று காட்டிவிட்டதாலேயே, வெட்டியவர் இன்னார் என்று முடிவாகிவிடாது. பதிவேடோ வேறு வகையினது. அது முறைப்படி மெய்ப்பிக்கப்பட்டால், எழுத்தர் அவ்வேளை ஆலையில் இருந்தார் என்பதற்குத் தானே சான்றாகும். ஆனால் அவர் எதைக் கண்டார் என்பதை அது சொல்லாது. அதற்கு வேறு சான்று வேண்டும்.

சென்னை வழக்கின் சாட்சிகளோ காவலரிடம் மட்டும் சொன்னவர்கள் அல்லர். நீதிமன்றத்தில் ஆணையிட்டுச் சொன்னவர்கள். நீதிமன்றத்தில் அளித்த சொல் சாட்சியமே ஆகும். பின்னர் மாறியதனாலேயே அது முழுவதும் அழிந்துபோவதில்லை. நம்பத்தக்க பகுதியை மற்றச் சான்றுகளோடு ஒப்பிட்டு நீதிபதி ஏற்கலாம். அவ்வழக்கில் 2014-இல் பெங்களூருத் தனி நீதிமன்றம் நால்வரையும் தண்டித்தது. 2015-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2017 பெப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் மற்ற மூவரின் தண்டனையை மீட்டது. முதல் எதிரியான ஜெயலலிதா 2016 திசம்பரில் மறைந்துவிட்டமையால், அவரைப் பொறுத்தவரை மேல்முறையீடு அற்றுப்போயிற்று.

அடுத்த முறை நாளேட்டில் ‘சாட்சி பிறழ்ந்தார்’ என்ற செய்தியைக் காணும்போது, அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். அவரை வினவ அனுமதி கேட்டார்களா, முன்சொல்லை அவருக்குக் காட்டினார்களா, அதனை எழுதியவரைக்கொண்டு மெய்ப்பித்தார்களா என்ற மூன்றையும் தேடிப் படியுங்கள். சாட்சியின் பிறழ்வால் வழக்கு எவ்வளவு சேதமுற்றது என்பதை அம்மூன்றின் விடைகள் உங்களுக்குக் காட்டும்.