மூன்றாவது சாடி உண்மையில் வளர்ந்ததா?

கிளிநொச்சிப் பக்கம் மீள்குடியேறி, தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் அக்கா ஒருவர் கடந்த வருடம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஆறு படங்கள் அனுப்பினார். மூன்று சாடிகளில் மிளகாய்க் கன்றுகள். நட்ட அன்று எடுத்தவை மூன்று, நான்கு கிழமைக்குப் பிறகு எடுத்தவை மூன்று. முதற்சாடியில் செம்மண்ணும் மாட்டெருவும், இரண்டாவதில் அவற்றோடு தும்புச்சோறு, மூன்றாவதில் கடையில் வாங்கிய கூட்டெரு.

"தம்பி, மூண்டாவதுதான் திறமா வந்திருக்கு. கடன்பட்டெண்டாலும் அறுபது பைக்கும் அதையே வாங்கப்போறன்" என்றார்.

படத்தில் மூன்றாவது கன்று கரும்பச்சையாக, மற்ற இரண்டையும்விடப் பெரிதாகவே தெரிந்தது. ஆனால் முதல் நாள் படங்கள் பின்னேரத்தில், நின்றபடி மேலிருந்து எடுக்கப்பட்டவை. பிந்தியவை காலையில், குந்தியிருந்து மிகக் கிட்டப் பிடித்தவை. இவற்றை ஒப்பிட முடியாது.

கைபேசிக் கமரா கிட்ட இருப்பதைப் பெருப்பித்துக் காட்டும். அரை மீற்றர் தூரத்தில் நின்று எடுக்கும்போது ஒரு கன்று மற்றதைவிட 10 சென்ரிமீற்றர் முன்னால் இருந்தால், படத்தில் அது கால் மடங்கு பெரிதாகத் தெரியும். ஒன்றரை மீற்றர் தள்ளி நின்றால் அதே பிழை நூற்றுக்கு ஏழு அளவாகக் குறைந்துவிடும். எனவே தள்ளி நின்று, 'சூம்' செய்து எடுப்பதே சரி. மேலிருந்து எடுத்த படத்திலோ உயரம் மறைந்துவிடும். அதைப் பிறகு எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. அக்காவின் பழைய படங்கள் அப்படித்தான் வீணாயின. புதுக் கன்றுகளை வைத்து மறுபடி தொடங்கினோம்.

இம்முறை நிலத்தில் கல் ஒன்றைப் புதைத்து, சாடி வைக்கும் இடத்தைக் குறித்தோம். ஒன்றரை மீற்றர் தள்ளி ஒரு பிளாஸ்ரிக் கதிரை, அதன் இருக்கையில் கைபேசி. சாடியை ஒரு செங்கல்லில் ஏற்றியதால் கமரா ஏறக்குறையக் கன்றின் நடு உயரத்துக்கு வந்தது. கன்று ஒரு பக்கம் சாய்ந்தே வளரும் என்பதால், ஒவ்வொரு சாடியிலும் வெள்ளைப் பெயின்ரால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி கமராவைப் பார்க்கும்படி திருப்பினோம். மதில் நிழலில் எப்போதும் ஒரே சாடி நிற்காதபடி, கிழமைக்கொருமுறை இடங்களை மாற்றினோம்.

வெளிச்சத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கைபேசி தானாகவே நிறத்தைத் திருத்தும். பின்னேர வெயிலில் இலை மஞ்சளடித்துத் தெரியும், நிழலில் நீலம் கலந்து கரும்பச்சையாகத் தெரியும். பசளை போதாமல் வரும் மஞ்சளா, வெயிலின் மஞ்சளா என்று பிரிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு படத்திலும் சாடியின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்தோம். இரண்டு படங்களிலும் தாள் ஒரே வெள்ளையாகத் தெரிந்தால் மட்டுமே இலையின் பச்சையை ஒப்பிடலாம். நேரம் எப்போதும் காலை ஏழு மணி, வெயில் நேரே விழாத இடம். மத்தியானம் எடுத்தால் இலை வாடித் தொங்கி, நல்ல கன்றும் மெலிந்து தெரியும்.

அளப்பதற்குத் தனிச் செயலி ஏதும் தேவைப்படவில்லை. மூன்றும் ஒரே அளவுச் சாடிகள், விளிம்பின் அகலம் 24 சென்ரிமீற்றர். படத்தைத் திரையில் திறந்து, விளிம்பின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை அடிமட்டத்தால் அளந்தோம். அந்த இரு ஓரங்களும் தண்டு நிற்கும் தூரத்திலேயே இருப்பதால் அதுதான் நம்பக்கூடிய அளவுகோல். திரையில் 4 சென்ரிமீற்றர் என்றால், திரையின் ஒவ்வொரு சென்ரிமீற்றரும் நிஜத்தில் 6. விளிம்புக்கு மேலே கன்று திரையில் நாலரை சென்ரிமீற்றர் இருந்தால் அதன் உயரம் 27.

நான்கு கிழமையில் முதற்சாடிக் கன்று 10இலிருந்து 19 ஆனது. இரண்டாவது 9இலிருந்து 22. மூன்றாவது 15இலிருந்து 27. இப்போதும் உயரமானது மூன்றாவதுதான். ஆனால் அது நடும்போதே உயர்ந்த கன்று. வளர்ந்த அளவு 12தான், இரண்டாவது 13 வளர்ந்திருக்கிறது. இந்த அளவீட்டில் ஒரு சென்ரிமீற்றர் பிழை சாதாரணம் என்பதால், இரண்டும் சமம் என்றே சொல்லவேண்டும்.

அப்படித்தான் நானும் சொன்னேன். அக்கா விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டாவதில மண் இறங்கிப்போச்சுத் தம்பி" என்றார். தும்புச்சோற்றுக் கலவை தண்ணீர் ஊற்ற ஊற்ற அமிழும், அதோடு கன்றும் இறங்கும். விளிம்பிலிருந்து அளக்கும் படத்தில் அது தெரியாது. அளந்து பார்த்ததில் 2 சென்ரிமீற்றர் இறங்கியிருந்தது, மற்ற இரண்டிலும் மாற்றமில்லை. அதையும் கூட்டினால் இரண்டாவதின் வளர்ச்சி 15. கிளைகளும் அதில்தான் அதிகம். மூன்றாவதில் கணுக்கள் தள்ளித் தள்ளி இருந்தன. உயரம் மட்டும் நீண்டிருந்தது.

இவ்வளவும் அந்த மூன்று கன்றுகளைப் பற்றித்தான் சொல்கின்றன, மூன்று கலவைகளைப் பற்றி அல்ல. ஒரு கன்று பிறவியிலேயே திறமானதாக இருக்கலாம். அறுபது பைக்கு முன், ஒவ்வொரு கலவையிலும் ஐந்து சாடி வைத்து, ஒரே உயரக் கன்றுகளாகத் தெரிந்து நடச் சொன்னேன். பதினைந்து சாடிக்கும் வெள்ளைப் புள்ளி வைத்தாகிவிட்டது. கடைக் கூட்டெருவுக்கு அக்கா இன்னும் கடன்படவில்லை.