தலையில் முளைத்த மின்கம்பம்... போட்டோவிலிருந்து பிடுங்குவது எப்படி?

வெம்பக்கோட்டை அணைக்கரை, சாயங்கால வெயில், பின்னால் கொஞ்சம்கூடத் தடையே இல்லாத வானம். ஃப்ரெண்டை நிறுத்தி நாலு க்ளிக் எடுக்கிறீர்கள். சிரிப்பு, போஸ் எல்லாம் ஓகே. ஆனா, வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் நடு மண்டையிலிருந்து ஒரு ஈ.பி. கம்பம் நேராக முளைத்து நிற்கிறது. எடுக்கும்போது அது எங்கே போயிருந்தது?

அங்கேயேதான் இருந்தது. உங்கள் இரண்டு கண்களும் சேர்ந்து, 'ஆள் பக்கத்தில், கம்பம் தூரத்தில்' என்று பிரித்துக் காட்டிவிட்டன. மூளையும் கம்பத்தைக் கண்டுகொள்ளவில்லை. கேமராவுக்கு ஒரே கண். போதாததற்கு, போன் லென்ஸில் முன்னால் நிற்பவரும் பின்னால் இருப்பதும் கிட்டத்தட்ட ஒரே தெளிவில் விழும். ஆகவே தூரம் காணாமல் போய், கம்பம் தலையில் ஒட்டிக்கொள்கிறது. இது போட்டோகிராபியின் பழைய ஜோக். அமெரிக்க ஓவியர் ஜான் பால்டெஸ்ஸாரி 1960-களில் வேண்டுமென்றே ஒரு பனை வகை மரத்தின் முன்னால், அது தன் தலையிலிருந்து முளைப்பது போல நின்று படம் எடுத்து, கீழே 'தவறு' என்று பொருள்படும் ஒற்றை ஆங்கிலச் சொல்லை எழுதி அதையே கலைப்படைப்பாக்கிவிட்டார்.

டி.பி-க்கு எடுத்த படம் என்றால் சிரித்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம். ஆனா எல்லாப் படத்தையும் மறுபடி எடுக்க முடியாதே! நம்ம ஊர்களில் பலருக்கு ஸ்டூடியோவில் எடுத்த படமே இருக்காது. ஒருவர் இறந்துபோனால், வீட்டில் எல்லோருடைய போனையும் துழாவி, திருவிழாவிலோ ரோட்டோரத்திலோ யாரோ எடுத்த ஒரு படத்தைத்தான் பெரிதாக்கி, ஃப்ரேம் போட்டு, மாலை போடுவார்கள். அந்த ஒரே படத்தில் தலைக்கு மேல் கம்பம் இருந்தால்? அப்படி ஒரு படத்தை எடுத்துக்கொண்டே வேலையைப் பார்ப்போம். பச்சைச் சட்டை போட்ட ஒரு பெரியவர், பின்னால் சிமென்ட் மின்கம்பம், அதிலிருந்து இரண்டு பக்கமும் தொங்கும் கம்பிகள், இடது ஓரத்தில் ஒரு வேப்பங்கிளை, மற்றபடி வானம்.

முதலில் படத்தையே சரியாக வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் நீளவாக்கில் சுமார் 1,600 பிக்சலுக்குச் சுருங்கியிருக்கும். அதை 12-க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 90 பிக்சல்கூட வராது. சுருக்கும்போது கம்பத்தின் ஓரத்தில் கொசகொசவென்று புள்ளிகள் வேறு வந்துவிடும். கம்பத்தை அழித்தாலும் அவை ஒரு கோடு மாதிரி மிஞ்சும். எடுத்தவர் போனில் ஒரிஜினல் இருந்தால் 'டாகுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அதில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, பிரதியில் மட்டும் கை வையுங்கள்.

இப்போது படத்தைப் பார்த்துக் கம்பத்தை மனசுக்குள் மூன்றாக வெட்டுங்கள். வெறும் வானத்தில் நிற்கும் மேல்பகுதி, கம்பிகள் சேரும் இடம், முடியைத் தொடும் அடிப்பகுதி. மேல்பகுதி ஐந்து நிமிட வேலை. கடைசிப் பகுதியில்தான் எல்லோரும் சொதப்புகிறார்கள்.

ஸ்நாப்ஸீட் ஆப்பில் Tools-க்குள் Healing என்று ஒன்று இருக்கிறது. இலவசம்தான். விரலால் தேய்த்த இடத்தை, பக்கத்தில் இருப்பதைப் பார்த்து அதுவே நிரப்பும். இதில் பிரஷ் அளவை மாற்ற முடியாது. படத்தை எவ்வளவு பெரிதாக்குகிறீர்களோ, அந்த அளவுக்குப் பிரஷ் சிறிதாக வேலை செய்யும். கம்பத்தை உச்சியிலிருந்து தலைவரை ஒரே இழுப்பில் தேய்க்காதீர்கள். வானம் எல்லா உயரத்திலும் ஒரே நிறம் கிடையாது. மேலே அடர்நீலம், கீழே வர வர வெளிறிப்போகும். நீளமாக இழுத்தால் மேல் நிறம் கீழேயும் கீழ் நிறம் மேலேயும் வந்து திட்டுத் திட்டாக நிற்கும். ஒரு விரல்நுனி நீளத்துக்குத் தேய்த்து, பார்த்து, பிடிக்கவில்லை என்றால் அன்டூ அம்புக்குறியை அமுக்கி, மறுபடி தேய்த்து... இப்படியே கீழே இறங்குங்கள். தலைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு நெற்றி அகலம் மிச்சம் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள்.

கம்பம் போனதும் கம்பிகள் அந்தரத்தில் தொங்கும். பலர் இதை மறந்துவிடுவார்கள்! கம்பிகளையும் படத்தின் ஓரம் வரைக்கும் மொத்தமாக அழிக்க வேண்டும். அதேபோல, தோளுக்குக் கீழே கம்பத்தின் அடிப்பகுதி தெரிகிறதா, தரையில் அதன் நிழல் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நம்ம பெரியவர் படத்தை மார்பளவுக்கு வெட்டப்போகிறோம் என்பதால் நிழல் தப்பித்தது.

வேப்பங்கிளையை முழுசாக எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. கிளை தலையில் முளைத்ததுபோலத் தெரிவதற்குக் காரணம், அது முடியைத் தொடுவதுதான். தொடும் இடத்திலிருந்து அடுத்த கவை வரைக்கும் மட்டும் அழியுங்கள். கிளை கவையோடு முடிந்ததுபோல இயல்பாக நிற்கும், படத்துக்கும் ஒரு பச்சை மிஞ்சும். என்னைக் கேட்டால், அழிப்பதில் பாதித் திறமை எங்கே நிறுத்துவது என்பதில்தான் இருக்கிறது.

இனி மிச்சம் வைத்த அந்தத் துண்டு. இங்கே Healing-ஐத் தேய்த்தால் அது குழம்பும். பக்கத்தில் வானமும் இருக்கிறது, முடியும் இருக்கிறது. எதை எடுப்பது என்று தெரியாமல் முடியை வானத்தில் ஒட்டும், அல்லது வானத்தை இழுத்து உச்சந்தலையில் ஒரு பள்ளம் பறித்துவிடும். எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று நாமே சொல்கிற கருவிதான் இதற்குச் சரி. பிரவுசரிலேயே இலவசமாகத் திறக்கும் ஃபோட்டோபியாவில் Clone Tool இருக்கிறது. போனைவிட ஒரு கம்ப்யூட்டரில், மவுஸோடு உட்கார்ந்தால் கை நடுங்காது. முதலில் Ctrl+J அமுக்கி லேயரைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு Lasso கருவியால், தலையின் கோட்டை ஒட்டி வானத்துப் பக்கத்தை மட்டும் சுற்றித் தேர்ந்தெடுங்கள். Feather 1 அல்லது 2 px வையுங்கள், ஓரம் கத்தரித்ததுபோல இருக்காது. இனி பிரஷ் எவ்வளவு வழுக்கினாலும் முடிக்குள் போகாது.

Alt-ஐ அழுத்திக்கொண்டு, எந்த வானத்தை எடுக்க வேண்டுமோ அங்கே க்ளிக் செய்யுங்கள். அது கம்பத்துக்கு நேர் இடதிலோ வலதிலோ, அதே உயரத்தில் இருக்க வேண்டும். மேலேயோ கீழேயோ எடுத்தால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு Alt-ஐ விட்டுவிட்டு, கம்பத்தின் மேல் தேய்த்தால் வானம் வந்துவிடும்.

இப்போது தலையின் ஓரம் சரியாக இருக்கும்; ஆனால் கொஞ்சம் ஓவர் சுத்தமாக இருக்கும். மற்ற இடத்தில் பறக்கிற சின்னச் சின்ன முடிகள், கம்பம் இருந்த இடத்தில் மட்டும் இருக்காது. விக் வைத்தது மாதிரி ஆகிவிடும். தேர்வை நீக்கிவிட்டு, ஓரிரு விரல் அகலம் தள்ளி, முடியும் வானமும் சேரும் ஓரத்தையே Alt-க்ளிக் செய்து, இங்கே இரண்டு மூன்று சின்ன ஒற்று ஒற்றுங்கள். தலையின் வளைவு பொருந்துகிற இடமாகப் பார்த்து எடுப்பதுதான் சூட்சுமம்.

நல்லா வந்திருக்கா என்று எப்படித் தெரியும்? அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. ஸ்நாப்ஸீட்டில் படத்தைத் திறந்து Details-க்குள் Structure-ஐ முழுசாக ஏற்றுங்கள். வானத்தில் கம்பம் இருந்த தடம் ஒரு மெழுகிய பட்டையாகத் தெரிந்தால், அங்கே இன்னும் வேலை இருக்கிறது. ஒரே மேகம் இரண்டு இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பார்த்ததும் சேமிக்காமல் வெளியே வந்துவிடுங்கள். அப்புறம் படத்தை ஸ்டாம்ப் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கண் நேராக முகத்துக்குப் போனால் படம் தயார்.

அடுத்த முறை இந்தப் பாடே வேண்டாம் என்றால், க்ளிக் செய்வதற்கு முன் பக்கவாட்டில் ஒரு சாண் நகருங்கள். ஆள் 2 மீட்டரில், கம்பம் 20 மீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு சாண் என்பது சுமார் 22 செ.மீ. அவ்வளவு நகர்ந்தாலே, தலைக்கு நடுவில் இருந்த கம்பம் அங்கிருந்து கிட்டத்தட்ட 20 செ.மீ. தள்ளிப்போனதுபோலத் தெரியும். தலையின் பாதி அகலம் 8 செ.மீ. தான், ஆக கம்பம் முழுசாக வெளியே. ஆனால், கம்பம் அவருக்கு ஒரு மீட்டர் பின்னால்தான் என்றால், அதே ஒரு சாணுக்கு 7 செ.மீ. தான் விலகும், காதோரம் மாட்டிக்கொண்டு நிற்கும். அப்போது அவரையே நாலடி முன்னால் வரச்சொல்லிவிட்டு, நீங்களும் நகருங்கள். கம்பிபோல குறுக்கே ஓடுவதாக இருந்தால் பக்கவாட்டில் நகர்ந்து பிரயோஜனம் இல்லை, போனை மேலேயோ கீழேயோ கொண்டுபோக வேண்டும். போர்ட்ரெய்ட் மோடு கம்பத்தை மங்கலாக்கும், எடுக்காது.

எந்தப் படத்தில் இதைச் செய்யக் கூடாது என்பதற்கு ஒரு பிரபல உதாரணம் உண்டு. 1970 மே 4-ம் தேதி, அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் போராடிய மாணவர்கள் மீது படையினர் சுட்டதில் 4 பேர் இறந்தார்கள். இறந்துகிடந்த மாணவர் பக்கத்தில் மண்டியிட்டுக் கதறும் 14 வயதுப் பெண்ணை ஜான் ஃபைலோ எடுத்த படம், அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு வாங்கியது. அந்தப் பெண்ணின் தலைக்குப் பின்னால் ஒரு வேலிக்கம்பம் நிற்கும். 1970-களின் தொடக்கத்தில் யாரோ அதை அழித்துவிட்டார்கள். அந்தப் பிரதியே பல இதழ்களில் வந்துகொண்டிருந்தது. 1995-ல் 'லைஃப்' இதழில் வந்தபோதுதான் பெரிய பிரச்னை வெடித்தது. கம்பம் போனதால் நடந்த சம்பவம் ஒன்றும் மாறவில்லை. ஆனா, ஒரு செய்திப்படத்தில் ஒரு கம்பத்தை எடுக்கலாம் என்றால், வேறு எதை எடுத்திருப்பார்கள் என்ற கேள்வி வந்துவிடுகிறதே!

வெம்பக்கோட்டையிலும் அந்த வகைப் படங்கள் உண்டு. 2022 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்த விஜயகரிசல்குளம் மேட்டில், குழிக்குள் வைத்திருக்கும் கோடு போட்ட அளவுகோல் படத்துக்கு இடைஞ்சலாகத்தான் தெரியும். அதை அழித்துவிட்டால், பக்கத்தில் கிடக்கும் சங்கு வளையல் எவ்வளவு பெரியது என்று யாராலும் சொல்ல முடியாது. பட்டாசு ஆலை விபத்து நடந்த இடத்தில் எடுத்த படமும் அப்படித்தான், அதில் சாய்ந்து கிடக்கும் கம்பம்கூட விசாரணையில் சாட்சி. பெரியவரின் படத்திலிருந்து கம்பத்தை எடுங்கள். இவற்றில் எதையும் தொடாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.